உறுதியும் மிகுதியும் ஒரே கையில் இருக்குமா?

(கிராமச் சேமிப்புக் குழுவின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இருபது பேர் மாதம் முந்நூறு ரூபாய் வீதம் ஐந்தாண்டுகள் சேர்த்த பணமும் அதன் வட்டியுமாகக் குழுவிடம் இன்று ரூ.4,50,000 இருக்கிறது. அதில் ரூ.2,50,000 உறுப்பினர்களிடம் கடனாக நிற்கிறது. மீதி ரூ.2,00,000 வங்கியின் சேமிப்புக் கணக்கில், ஆண்டுக்கு மூன்று விழுக்காடும் எட்டாத வட்டியில் உறங்குகிறது. அந்த இரண்டு லட்சத்தை எழுப்பிவிட ஒருவர் துண்டறிக்கையோடு வந்திருக்கிறார். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம். ஓராண்டு கழிந்தபின் கேட்ட அன்றே அசல். இரண்டுக்கும் நூறு விழுக்காடு உத்தரவாதம். சென்னையில் தங்க வாணிகமும் அந்நியச் செலாவணி வாணிகமும் செய்து ஈட்டித் தருவதாகத் துண்டறிக்கை கூறுகிறது. வந்தவரும் அயலார் அல்லர். நம்மில் சிலருக்கு உறவினர். ஆகவே அவரை ஐயுறுவது நாகரிகமன்று என்று சிலர் எண்ணுகிறீர்கள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் நான் கூறப்போவதில்லை. துண்டறிக்கையில் உள்ள கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ளாமலேயே இத்திட்டம் எத்தகையது என்று அறிந்துவிட முடியும்.

முதலில் இந்த வட்டியை நம் ஊர் வழக்கில் சொல்லிப் பாருங்கள். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் என்றால் நூற்றுக்குப் பத்து. அதாவது பத்து ரூபாய் வட்டி. அவசரத்துக்குக் கைமாற்று வாங்கும்போது இரண்டு ரூபாய் வட்டி என்றால் பொறுத்துக்கொள்கிறோம். மூன்று ரூபாய் என்றால் முகம் சுளிக்கிறோம். பத்து ரூபாய் என்றால் அதற்குக் கந்துவட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைத் தடுக்க 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நாம் கொடுக்கும்போது கொடுமை என்று தோன்றுகிற அதே வட்டி, நமக்கு வரும்போது யோகம் என்று தோன்றுகிறது. எண் மாறவில்லை; நாம் நிற்கும் இடந்தான் மாறியிருக்கிறது.

பத்து ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குபவர் யார்? வேறு எங்கும் கடன் கிடைக்காதவர். நகை உள்ளவர் வங்கிக்குப் போகிறார். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியைத் தாண்டுவதில்லை. நிலம் உள்ளவர் பயிர்க்கடன் பெறுகிறார். இவை எதற்கும் வழியில்லாதவரே பத்து ரூபாய் வட்டிக்காரரிடம் போகிறார். அவர் திருப்பித் தருவது ஐயத்துக்குரியது என்பதாலேயே வட்டி அவ்வளவு ஏறுகிறது. இப்போது துண்டறிக்கையைத் திரும்பப் படியுங்கள். நம்மிடம் பத்து ரூபாய் வட்டிக்குக் கடன் கேட்பது அந்த நிறுவனம். சென்னையில் பெரிய கட்டடமும் தங்க வாணிகமும் உள்ள நிறுவனத்துக்கு, அந்தத் தங்கத்தை அடகு வைத்து ஒரு ரூபாய் வட்டியில் வங்கிக் கடன் வாங்கத் தெரியாதா? ஒரு ரூபாய்க்குக் கிடைப்பதைப் பத்து ரூபாய்க்கு வாங்க நம் தெருவுக்கு ஏன் வர வேண்டும்?

"அவர்களுக்குக் கிடைக்கிற லாபம் அவ்வளவு பெரிது, அதில் நமக்கும் பங்கு தருகிறார்கள்" என்று ஒரு சகோதரி சற்று முன் கூறினார். நல்ல வினாதான், அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் பத்து விழுக்காடு லாபம் உறுதியாகக் கிடைக்கும் தொழில் ஒருவரிடம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அவர் தம் கைப்பணம் ஒரு லட்சத்தை அதில் இட்டு, வரும் லாபத்தையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போனால், ஓராண்டு முடிவில் அது மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ பத்து லட்சம். மூன்றாம் ஆண்டில் முப்பது லட்சத்துக்கு மேல். ஐந்தாம் ஆண்டு முடிவில் மூன்று கோடி. ஒரு லட்சம் ஐந்தாண்டில் மூன்று கோடி ஆகும் தொழில் கையில் இருப்பவர் நம்மிடம் பணம் கேட்பாரா? முகவர்களை அமர்த்தி, தரகு கொடுத்து, துண்டறிக்கை அச்சிட்டு, வெயிலில் ஊர் ஊராக ஆள் அனுப்புவாரா? கதவைச் சாத்திக்கொண்டு தொழிலைப் பார்ப்பார்.

இனி, 'உத்தரவாதம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். மிகுந்த வருவாய் உலகில் இல்லாமல் இல்லை. பங்குச் சந்தையில் சில ஆண்டுகளில் முப்பது விழுக்காடும் வருவதுண்டு. அடுத்த ஆண்டிலேயே முதல் கரைவதும் உண்டு. மல்லாட்டை நன்றாக விளைந்து விலையும் கூடினால் போட்ட முதல் இரட்டிப்பாகும். மழை பொய்த்தால் விதைச் செலவும் மிஞ்சாது. அங்கே மிகுதி உண்டு, உறுதி இல்லை. அஞ்சலக வைப்பிலும் அரசு வங்கி வைப்பிலும் உறுதி உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஏழு, எட்டு விழுக்காட்டுக்கு மேல் மிகுதி இல்லை. இரண்டும் ஒரே பொருளில் கூடி இருப்பதில்லை. அதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. எங்கேனும் அப்படி ஒன்று இருந்தால் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெருஞ்செல்வர்களும் தம் கோடிகளை அன்றே அங்கு கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். கொட்டும் பணம் பெருகப் பெருக, அதைப் பெறுபவர் கொடுக்க வேண்டிய வட்டி இறங்கிக்கொண்டே வந்து அஞ்சலக வட்டியில் நின்றுவிடும். மிகுதியோடு உறுதியும் சேர்த்து ஒருவர் தருகிறார் என்றால், அவற்றுள் ஒன்று பொய். எது பொய் என்று ஆராயக்கூடத் தேவையில்லை.

இவ்விடத்தில் நம் குழுவைப் பற்றி ஓர் ஐயம் எழும். நாமே உறுப்பினருக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் தருகிறோம், ஆண்டுக்கு இருபத்து நான்கு விழுக்காடு, அதுவும் மிகுதிதானே? ஆம், மிகுதிதான். ஆனால் நாம் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. சென்ற ஆண்டு ஓர் உறுப்பினரின் கறவைமாடு இறந்தபோது அவருடைய தவணை எட்டு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த எட்டு மாதமும் குழுவின் வருவாய் குறைந்தது. அனைவரும் சேர்ந்து அதைத் தாங்கிக்கொண்டோம். அவர் வீடு எது, மாடு எப்போது இறந்தது, அடுத்த மாடு எப்போது கன்று ஈனும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்ததால் பொறுத்திருந்தோம், பணமும் வந்தது. வட்டி எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும்: பாலிலிருந்து, தையலிலிருந்து, நெல்லிலிருந்து. துண்டறிக்கைக்காரரின் வட்டி எங்கிருந்து வருகிறது?

நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. "தொழிலே இல்லையென்றால் எப்படி மாதாமாதம் தவறாமல் கொடுக்கிறார்கள்? என் ஓர்ப்படிக்கு ஆறு மாதமாக வருகிறதே" என்று கேட்கிறீர்கள். அவருக்கு வந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஒரு நிறுவனம் தொழில் எதுவும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டுகிறார்கள். ஒரு கோடி சேர்கிறது. முகவர்களின் தரகு பத்து லட்சம். அலுவலகம், விளம்பரம், நடத்துபவரின் கார், அவர் தமக்கென்று ஒதுக்கிக்கொள்வது ஆகியவை இருபது லட்சம். மீதி எழுபது லட்சம். நூறு பேருக்கும் மாதம் பத்தாயிரம் வீதம் கொடுக்கப் பத்து லட்சம் வேண்டும். ஆக, ஒரு ரூபாய்க்கு வாணிகம் செய்யாமலும், புதிதாக ஓர் ஆளைச் சேர்க்காமலும், ஏழு மாதம் தவறாமல் கொடுத்துவிட முடியும். ஒருவர் கட்டிய லட்சத்திலிருந்து அவருக்கே எழுபதாயிரத்தைத் தவணையாகத் திருப்பித் தருவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. உங்கள் ஓர்ப்படியார் ஆறு மாதமாகப் பெற்றிருப்பது அறுபதாயிரம். அவர் அதை வட்டி என்று எண்ணிச் செலவழிக்கிறார். கட்டிய லட்சத்தில் இன்னும் நாற்பதாயிரம் அவர் கைக்கு வரவில்லை. 'வருகிறது' என்பது தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அவர் கட்டிய பணம் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

எட்டாம் மாதம் பெட்டி காலி. இப்போது புதியவர்கள் வேண்டும். புதிதாக வரும் ஒருவர் கட்டும் லட்சத்தில் தரகும் செலவும் போக எழுபதாயிரம் மிஞ்சும்; அது பழையவர்கள் ஏழு பேருக்கு ஒரு மாத வட்டி. நூறு பேருக்குக் கொடுக்க, அந்த மாதத்தில் பதினைந்து புதியவர்கள் வேண்டும். அடுத்த மாதம் வட்டி வாங்குவோர் நூற்றுப் பதினைந்து பேர் ஆகிவிடுவார்கள். அவர்களுக்குக் கொடுக்கப் பதினேழு பேர் வேண்டும். அதற்கடுத்த மாதம் பத்தொன்பது பேர். ஏழுக்கு ஒருவர் என்று மாதந்தோறும் கூடிக்கொண்டே போக வேண்டும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓராண்டு சென்றால் நூறு பேர் ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு. மூன்றாம் ஆண்டில் பன்னிரண்டாயிரம். நான்காம் ஆண்டில் அறுபதாயிரம். யாரும் அசலைத் திருப்பிக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நூறு பேர் ஒரே வாரத்தில் அசலைக் கேட்டுவிட்டால் அன்றே கதவு மூடும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. நடத்துபவர் மனம் மாறி நல்லவராக முயன்றாலும் இது நிலைக்காது. ஏனெனில் ஊரில் ஆட்கள் தீர்ந்துபோவார்கள். மேலும், நிறுவனம் எந்த நாளில் மூடப்படுகிறதோ அந்த நாளில் மிகப் பெரும் கூட்டம் கடைசியாகச் சேர்ந்த கூட்டமாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டில் பன்னிரண்டாயிரம் பேர் இருந்தால், அவர்களில் பெரும்பாலோர் அந்த ஓராண்டுக்குள் வந்தவர்கள். லாபம் அடைந்த ஒருவரைக் காட்டிப் பணம் இழக்கப்போகும் பலரைச் சேர்ப்பது இத்திட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. அதனால்தான் முதலில் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வட்டி கொடுக்கிறார்கள். அவர்களே ஊதியமில்லாத விளம்பரம்.

இது கற்பனைக் கணக்கன்று என்பதற்கு நம் வடமாவட்டங்களே சாட்சி. ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற பெயர் நீங்கள் அனைவரும் கேட்டதுதான். சென்னை அமைந்தகரையில் தலைமையகம் வைத்து, மாதத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஏறத்தாழ ரூ.2,438 கோடி திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறை பதிந்த வழக்கு. 2020இல் பணம் திரட்டத் தொடங்கி, 2022 மே மாதத்தில் காவல்துறையின் சோதனை நடந்தது. இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. வட்டி எவ்வளவுக்கெவ்வளவு கூடுதலோ, ஆள் சேரவேண்டிய வேகமும் அவ்வளவுக்கவ்வளவு கூடுதல். முடிவும் அவ்வளவு விரைவு.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமுக் கோழி வளர்ப்பு. சுசி ஈமு பார்ம்ஸ் நிறுவனத்தில் ரூ.1,50,000 கட்டினால் ஈமுக் குஞ்சுகளைத் தந்து, அவற்றை வளர்ப்பதற்கென்று மாதம் ரூ.6,000 தருவதாகத் திட்டம். பறவை கண்ணெதிரே கொட்டகையில் நிற்கிறது. ஆகவே தொழில் உண்மை என்று உழவர்கள் நம்பினார்கள். ஈமு இறைச்சியை வாங்கி உண்பவர் யார், அதன் எண்ணெய்க்குச் சந்தை எங்கே என்று கேட்டவர்கள் சிலரே. அந்தப் பறவைக்கு விலை இருந்தது, அடுத்த உழவர் குஞ்சு வாங்க வரும்வரைதான். 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. தீனி போட வழியின்றிப் பறவைகள் கொட்டகைகளில் வாடின. கால்நடைத் துறையினர் வந்து தீனி போட வேண்டியதாயிற்று. உயிர்கொல்லா நெறியினராகிய நாம் அந்தச் செய்தியைப் படித்தபோது, மனிதர் இழந்த பணத்தைவிட அந்த வாயில்லா உயிர்களின் பசியே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அது நிற்க. தங்கம் ஆயினும் ஈமு ஆயினும் அது மேலே போர்த்திய போர்வை. போர்வையை விலக்கிவிட்டு நாம் கேட்க வேண்டியது ஒன்றே: புதிதாக ஆள் சேர்வது இன்றோடு நின்றால், நாளைக்கு வட்டி எதிலிருந்து வரும்?

துண்டறிக்கைக்காரர் சில தாள்களைக் காட்டியதாகச் செயலர் கூறினார். நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், முத்திரைத்தாளில் எழுதிய பாண்டு பத்திரம், பின்தேதியிட்ட காசோலை. இவை போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை, மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவை சொல்வது என்ன? நிறுவனப் பதிவு என்பது குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் போன்றது. அப்படி ஒரு நிறுவனம் பிறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கலாம் என்று சொல்லாது. ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு. முத்திரைத்தாளில் யாரும் எதையும் எழுதலாம். எழுதியதால் பணம் பிறந்துவிடாது. பின்தேதிக் காசோலை, அந்தத் தேதியில் அந்தக் கணக்கில் பணம் இருந்தால் மட்டுமே காசு. இல்லாவிட்டால் நீதிமன்றம் போவதற்கு ஒரு துண்டுத்தாள்.

வைப்புத்தொகை வாங்கும் உரிமை வங்கிகளுக்கு உண்டு. வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் ரிசர்வ் வங்கியிடம் அதற்கென்றே அனுமதி பெற்ற சிலவற்றுக்கு மட்டும் உண்டு. அப்படி அனுமதி பெற்றவையும் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆண்டுக்கு என்பதைக் கவனியுங்கள். துண்டறிக்கை சொல்வது ஆண்டுக்கு 120 விழுக்காடு. ஆகவே "ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றது" என்று அதில் அச்சிட்டிருப்பதும், மாதம் பத்து விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. அனுமதி உண்மையானால் அந்த வட்டியைத் தர முடியாது; அந்த வட்டி உண்மையானால் அனுமதி இருக்க முடியாது. ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று பார்க்க ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in என்ற தளம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். புகாரும் அங்கேயே தரலாம்.

இன்னொரு யோசனையும் மெதுவாகப் பேசப்படுவதாக அறிந்தேன். குழுவின் பெயரில் வங்கியில் மூன்று லட்சம் கடன் வாங்கி, அதையும் சேர்த்துப் போட்டால், வங்கி வட்டி போகவே பெருந்தொகை மிஞ்சும் என்று. வங்கிக் கடன் இருபது பேரின் பொறுப்பு. நிறுவனம் ஓடிப்போனால் வங்கி நிறுவனத்தைத் தேடாது, உங்களைத்தான் தேடும். ஒருவர் கட்டாவிட்டாலும் மற்றவர்கள் கட்ட வேண்டும். தவணை தவறினால் குழுவுக்கு அடுத்த கடன் கிடையாது. சேமித்த இரண்டு லட்சம் போனால் போனது அதோடு நிற்கும். கடன் வாங்கிப் போட்டது, போன பிறகும் மாதந்தோறும் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

குழுவில் சமணரல்லாத சகோதரிகளும் இருக்கிறீர்கள். நம் அறநூலில் உள்ள ஒரு செய்தியைச் சொன்னால் உங்களுக்கும் ஏற்புடையதாகவே இருக்கும். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களில் கள்ளாமை ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் அவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அதிசாரம் என்றால் விரதத்தை முற்றிலும் முறிக்காவிட்டாலும் அதில் ஓட்டை விழச் செய்யும் குற்றம். முதலாவது, பிறரைத் திருட்டுக்குத் தூண்டுதல். இரண்டாவது, திருடி வந்த பொருளைப் பெற்றுக்கொள்ளுதல். திருடாமல் இருந்தால் போதாது, திருடிய பொருள் எனத் தெரிந்தும் கைநீட்டி வாங்குவதும் குற்றமே என்று நம் முன்னோர் தனியாக எடுத்துச் சொன்னார்கள். சற்று முன் போட்ட கணக்கை இதனோடு பொருத்திப் பாருங்கள். எட்டாம் மாதத்தில் முதலாமவருக்கு வரும் பத்தாயிரம், அன்று புதிதாகச் சேர்ந்தவரின் அசல். அவர் அதைத் தங்க வாணிகத்துக்கு என்று கொடுத்தார், நமக்குக் கொடுக்கவில்லை. கணக்குத் தெரியாதபோது வாங்கியவர் ஏமாந்தவர். தெரிந்த பின்னும், "நான் முன்னதாகவே சேர்ந்து, மூடுவதற்கு முன் வெளியே வந்துவிடுவேன்" என்று சொல்பவரை என்னவென்று அழைப்பது? அப்படிச் சொல்லும் சிலரை நான் இந்த ஊரிலேயே கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத் திட்டம் பொய் என்பது தெரியும். இழப்பவர் வேறொருவராக இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அந்த வேறொருவர் பெரும்பாலும் அவர்கள் சொல்லைக் கேட்டுச் சேர்ந்த உறவினராகவே இருப்பார்.

சமுதாயம் சிறிதாக இருப்பது இங்கே பாதுகாப்பன்று. நாம் எண்ணிக்கையில் குறைவு. ஒரு தேர்த்திருவிழாவில் கூடினால் பாதிப் பேர் சம்பந்திகள். ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவது நம் பெருமை. இத்தகைய திட்டம் தேடி வருவதும் அந்த நம்பிக்கையைத்தான். ஊருக்குள் மதிப்புள்ள ஒரே ஒருவரை முகவராகப் பிடித்துவிட்டால், மற்ற நூறு வீட்டுக் கதவுகளும் தாமே திறக்கும். அந்த முகவரும் பெரும்பாலும் தம் பணத்தையும் அதிலேயே போட்டு நம்பியிருப்பவர்தான். ஆகவே அவருடைய நேர்மைக்கு நாம் சான்று கூறலாம். திட்டத்துக்குக் கூற முடியாது. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், இத்தகைய திட்டத்தை நடத்துபவரோடு, பொய்யென அறிந்தே வாக்குறுதி கூறி ஆள் சேர்ப்பவரையும் தண்டிக்கிறது. நம் குழு போன்ற மகளிர் குழுக்களில் உறுப்பினர் கட்டும் சந்தாவை, அரசு குறிக்கும் வரம்புக்குள், அச்சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் வெளியாரிடம் பணம் திரட்டிக் குழுவின் பெயரில் எங்கோ போட்டால், குழுவே விடை சொல்ல வேண்டியிருக்கும். உறவினரைக் காப்பாற்ற விரும்பினால், அவரிடம் பணம் கொடுக்காமல் இந்தச் சட்டத்தைக் கொடுங்கள்.

உறங்கும் இரண்டு லட்சத்தை என்ன செய்வது? அதுவும் நியாயமான கேள்வி. உறுப்பினர் கடனுக்காக ஐம்பதாயிரத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றரை லட்சத்தை அதே வங்கியில் ஓராண்டு வைப்பாக மூன்று ஐம்பதாயிரங்களாகப் பிரித்துப் போடலாம். ஒருவருக்கு அவசரம் வந்தால் ஒரு வைப்பை மட்டும் உடைத்தால் போதும். வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரை காப்பீடும் உண்டு. வட்டி சேமிப்புக் கணக்கைவிட இரண்டு மடங்காவது வரும். பத்தில் ஒரு பங்குகூட வராதே என்று தோன்றும். அந்தப் பத்து வரப்போவதில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

கடைசியாக, ஏற்கெனவே தனியாகப் பணம் கட்டியிருப்பவர்கள் நம்மில் இரண்டு, மூன்று பேர் இருக்கிறீர்கள்; பெயர் கேட்க மாட்டேன். மாத வட்டியைத் திரும்ப அதிலேயே போடாதீர்கள். புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தரகு உண்டு என்று சொன்னாலும். அசலை இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். "இன்னும் ஐம்பதாயிரம் கட்டினால் எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறோம்" என்ற பதில் வந்தால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பாண்டு, ரசீது, வங்கிக் கணக்கு விவரம், கைப்பேசிச் செய்திகள் எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள். மூலத்தைப் 'புதுப்பிக்க' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் வராவிட்டால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தர வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலன் காப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளைப் பற்றுகை செய்து, சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பங்கிட்டுத் தர வழியுண்டு. ஆண்டுகள் பல ஆகும். முழுத்தொகையும் வருவது அரிது. ஆனால் புகார் கொடுத்து, ரசீதும் வைத்திருப்பவர்தான் அந்தப் பங்கீட்டில் தம் உரிமையை நாட்ட முடியும். ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் அந்த ரசீது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.